வெளிநாட்டில் கிடைத்த விவாகரத்து இங்கே செல்லுமா?
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களைச் சந்திக்கும்போது, காணி, வீடு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு, சிலர் ஒதுக்கமாக வந்து ஒரு கடதாசியைக் காட்டுவார்கள். “தம்பி, இது அங்கே எடுத்த விவாகரத்து. இதை வைத்து இங்கே மறுமணம் எழுதலாமோ?” என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்லப்போகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணியிடம் போகுமுன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். முஸ்லிம் விவாகங்களுக்குத் தனிச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. அவற்றை இங்கே பேசவில்லை.

முதலில் கையிலிருக்கும் கடதாசி என்ன என்று பாருங்கள். முகாமில் பெரியவர்கள் கூடி, இரு பக்கமும் கையெழுத்து வைத்து, முத்திரைத்தாளில் “இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை” என்று எழுதியதாக அது இருக்கலாம். நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும் அது விவாகரத்து அல்ல. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், நீதிபதியின் தீர்ப்பு, இந்த மூன்றும் இருந்தால்தான் மேற்கொண்டு பேச இடமுண்டு. “எங்கள் கலியாணம் கோயிலில்தான் நடந்தது, பதியவில்லை, ஆகவே விவாகரத்தும் தேவையில்லை” என்று நினைப்பதும் தவறு. முறைப்படி சடங்கு செய்த திருமணத்தை, பதியாவிட்டாலும், எங்கள் நீதிமன்றங்கள் திருமணமாக ஏற்கின்றன.

சரி, உண்மையான நீதிமன்றத் தீர்ப்புத்தான் கையில் இருக்கிறது. அது போதுமா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பெண் 2004இல் வவுனியாவில் திருமணப் பதிவு செய்கிறார். 2006இல் கணவனும் மனைவியும் படகில் இராமேஸ்வரம் போய், தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் தங்குகிறார்கள். 2012இல் கணவர் வேலைக்கென்று வேறு மாவட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. பிறகு இருவரும் சம்மதித்து அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, 2016இல் விவாகரத்துப் பெறுகிறார்கள். அந்தப் பெண் இப்போது ஊர் திரும்பி, மறுமணத்துக்காக விவாகப் பதிவாளரிடம் போகிறார்.

இங்கேதான் சிக்கல். வவுனியாவில் எழுதிய பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றம் எங்கள் பதிவேட்டுக்கு எதையும் அறிவிப்பதில்லை. இலங்கைப் பதிவின்படி அவர் இன்னும் ஒருவரின் மனைவி. வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லுமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்? 1895இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு எங்கள் நாட்டிலிருந்தே போனது. இலங்கையில் அரச உத்தியோகம் பார்த்த லெ மெசூரியர் என்ற ஆங்கிலேயர் இங்கே விவாகரத்துக் கேட்டார். அவர் இங்கே வசித்தாலும் அவருடைய நிரந்தர வதிவிடம் இங்கிலாந்துதான், ஆகவே இலங்கை நீதிமன்றத்துக்கு அந்த விவாகத்தைக் கலைக்கும் அதிகாரம் இல்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ‘நிரந்தர வதிவிடம்’ என்பதே இந்த விடயத்தில் அடிப்படை அளவுகோலாயிற்று. ஓரிடத்தில் எத்தனை வருடம் இருந்தோம் என்பது மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. அங்கேயே நிலையாக வாழும் எண்ணம் இருந்ததா என்பதும் வேண்டும்.

இதை எங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். முகாமில் இருந்த அத்தனை காலமும், நிலைமை சரியானதும் ஊருக்குப் போவோம் என்றுதான் இருந்தோம். அகதி அட்டையும் அதைத்தான் சொல்கிறது. அந்த எண்ணத்தாலேயே எங்கள் நிரந்தர வதிவிடம் இலங்கைதான் என்று வாதிடலாம். அப்படியானால் தமிழ்நாட்டு நீதிமன்றம் கலைத்த விவாகம் இங்கே கலைந்ததா என்ற கேள்வியும் எழும். வெளிநாட்டில் குடியுரிமை பெற்று அங்கேயே தங்கியவரின் தீர்ப்புக்கு இந்தப் பலவீனம் குறைவு.

கேள்வியைத் தீர்க்காமல் மறுமணம் எழுதினால் என்ன நடக்கும்? முதல் விவாகம் சட்டப்படி முடியாவிட்டால் இரண்டாவது விவாகம் செல்லாது. தண்டனைச் சட்டக்கோவையின்படி ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமும் அது. அதைவிட நாளாந்த வாழ்க்கையில் உறைப்பது பிள்ளையின் விடயம். விவாகம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறக்கும் பிள்ளை கணவரின் பிள்ளை என்று சட்டம் முதலில் கொள்ளும். இரண்டாவது கணவருக்குப் பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவில் முதல் கணவரின் பெயர் பற்றிய கேள்வி வந்தால், பிறகு அதைத் திருத்துவது பெரிய அலைச்சல்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 2024ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம். வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் ஏற்றங்கீகரித்தல், பதிவுசெய்தல், வலுவுறுத்தல் பற்றியது அது. விவாகரத்துத் தீர்ப்புகளும் அதில் அடங்கும். ஆனால் எல்லா நாட்டுத் தீர்ப்புக்கும் அது தானாகப் பொருந்தாது. ஆகவே சட்டத்தரணியிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: தீர்ப்புத் தந்த நாடு இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா? என் தீர்ப்பின் திகதிக்கு இது பொருந்துமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால், தீர்ப்பை நீதிமன்றத்தில் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, தான் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக விவாகரத்து வழக்குப் போடுவது. எங்கள் பொது விவாகச் சட்டத்தில் மூன்று காரணங்கள்தான் உண்டு: துணைவர் வேறொருவருடன் உடலுறவு கொண்டது, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமண வேளையிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை. ‘இருவருக்கும் சம்மதம்’ என்பது ஒரு காரணம் அல்ல. ஆகவே அந்தப் பெண் தமிழ்நாட்டுத் தீர்ப்பை மட்டும் நீட்டினால் போதாது. கணவர் எப்போது போனார், திரும்ப அழைத்தாரா, செலவுக்கு ஏதாவது அனுப்பினாரா என்று சாட்சியமளிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தீர்ப்பு அதற்குத் துணை ஆவணமாக உதவும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அழைப்பாணை அங்கே சேர்ப்பிக்கப்பட வேண்டும். இதற்குக் காலம் எடுக்கும். ஆகவே அவருடைய சரியான முகவரியைத் தேடி வையுங்கள்.

வழக்கு வென்றாலும் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றான தீர்ப்பாகும். அந்த இடைவெளியில் மறுமணம் எழுத முடியாது. சிலர் முதல் கடதாசியோடு பதிவாளரிடம் போய்த் திரும்பி வருகிறார்கள்.

இன்னும் அங்கேயே இருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள். புறப்படுமுன் தீர்ப்பின் சான்றிட்ட நகலை, நீதிமன்ற முத்திரையோடு, இரண்டு மூன்றாக எடுத்து வரவேண்டும். போட்டோ பிரதி போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்துவது பற்றியும் கேட்கவேண்டும். இங்கிருந்துகொண்டு அதை எடுப்பது மிகவும் கடினம்.

இங்கே உள்ளவர்கள் இலங்கை விவாகச் சான்றிதழ், வெளிநாட்டுத் தீர்ப்பு, அகதி அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக வழக்குப் பேசுவார்கள். பதிவாளரிடம் போவது அதற்குப் பிறகுதான்.