ஊறுகாய்ப் பாட்டிலில் ஒட்டும் படம்



எங்கள் குழுவின் ஊறுகாய்க்கு லேபிள் வரைகிறவள் நான். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "படம் அழகா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஊறுகாய் லேபிளில் படத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய், பூண்டு என்று நாலு பாட்டிலை வரிசையாக வையுங்கள். மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்ந்த பிறகு நாலும் ஒரே செம்பழுப்பு. உள்ளே இருப்பது எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எங்கள் குழுவில் பாட்டில் ஒட்டுகிற அக்காவுக்கு எழுத்து தெரியாது. அவர் படத்தைப் பார்த்துத்தான் லேபிளைப் பிரிக்கிறார். எலுமிச்சைப் படமும் நார்த்தங்காய்ப் படமும் ஒன்றுபோல இருந்தால் லேபிள் மாறிவிடும். லேபிள் மாறினால் பெயர் மட்டும் இல்லை, அதில் அச்சடித்த சேர்மானப் பட்டியலும் பொய்யாகிவிடும். சட்டப்படி அது குற்றம். ஆகவே படம் பார்த்தவுடனே இன்ன காய் என்று தெரிய வேண்டும். அதுதான் அதன் முதல் வேலை.

அதற்கு ஒவ்வொரு காய்க்கும் உள்ள ஒரே ஒரு அடையாளத்தைப் பிடிக்க வேண்டும். எலுமிச்சையை வெறும் வட்டமாகப் போட்டால் அது எதுவாகவும் இருக்கலாம். நுனியில் இருக்கும் சின்னக் காம்பு மாதிரியான முனையைப் போடுங்கள். பக்கத்தில் குறுக்கே வெட்டிய பாதியை, சுளையும் இரண்டு விதையும் தெரிய வையுங்கள். நார்த்தங்காயை நாம் எப்படி நறுக்குகிறோம்? அறுந்துபோகாமல் சுருள் சுருளாக நறுக்கி, உப்பைத் திணிக்கிறோம். அந்தச் சுருளையே வரைந்துவிடுங்கள். எலுமிச்சையை யாரும் அப்படி நறுக்குவதில்லை, அதனால் குழப்பமே வராது. மாவடு என்றால் காம்போடு மூன்று பிஞ்சு. மாங்காய் என்றால் கிளிமூக்கு வளைவும், வெட்டிய துண்டில் கொட்டையும். பூண்டு என்றால் முழுப் பூண்டிலிருந்து ஒரு பல் விலகி நிற்க வேண்டும். காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையுங்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நல்ல காயாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை உப்பில் போடுங்கள்.

எப்படி வரைவது? பென்சிலால் அழித்து அழித்துப் போட்ட கோட்டைவிட, வாசலில் கோலம் போடுகிற மாதிரி கையை எடுக்காமல் இழுத்த கோடு உயிரோடு இருக்கும். முதலில் பென்சிலால் லேசாக இடம் குறித்துவிட்டு, கறுப்புப் பேனாவால் ஒரே இழுப்பாக இழுங்கள். காய்க்கு நிழல், பளபளப்பு, குட்டிக் குட்டிப் புள்ளி எதுவும் வேண்டாம். லேபிளில் அவை எல்லாம் சேர்ந்து கறுப்புத் திட்டாகிவிடும்.

அடுத்தது அளவு. பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் பாட்டிலைத் தொடுங்கள். எங்கள் 300 கிராம் பாட்டிலையே கணக்காகச் சொல்கிறேன். நூலைச் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளந்தேன்: சுற்றளவு 23.5 செ.மீ. மேலேயும் கீழேயும் வளைவு தொடங்குகிற இடத்தை விட்டு, நேராக இருக்கும் உயரம் 7 செ.மீ. வளைவின் மேல் லேபிள் ஏறினால் சுருங்கும், ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் லேபிள் உயரம் 6 செ.மீ., நீளம் 21 செ.மீ. மீதி இரண்டரை செ.மீ. இடைவெளியில் ஊறுகாய் தெரியும். அது வேண்டும், வாங்குகிறவர்கள் உள்ளே பார்க்க ஆசைப்படுவார்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். உருண்டைப் பாட்டிலை எதிரில் வைத்துப் பார்த்தால் 21 செ.மீ. முழுவதும் தெரியாது. சரியாகப் படிக்க முடிவது நடுவில் ஏறத்தாழ 7 செ.மீ. மட்டும்தான். பெயரை நீளமாக எழுதி, படத்தை அதற்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால், அலமாரியில் பாதிப் பெயரோ பாதிக் காயோதான் நிற்கும். அதனால் லேபிளை 7 செ.மீ. வீதம் மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுக் கட்டத்தில் காய், பெயர், குழுவின் பெயர், பச்சைச் சைவக் குறி. இடது கட்டத்தில் சேர்மானம். வலது கட்டத்தில் தயாரிப்பாளர் முகவரி, எடை, விலை, உணவுப் பாதுகாப்புத் துறை தந்த 14 இலக்க எண், தொகுதி எண், தேதிகள். சட்டம் கேட்கிற விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தேதிக்கு விடுகிற கட்டம் வெள்ளையாகவே இருக்கட்டும். அதன்மேல் பளபளப்புப் பூச்சு வந்தால் ரப்பர் ஸ்டாம்பு மை ஒட்டாது, விரல் பட்டாலே இழுகிவிடும்.

படத்தை அதே அளவில் வரையாமல் இரண்டு மடங்காக வரையுங்கள். நடுக் கட்டம் 7-க்கு 6 என்றால், தாளில் 14-க்கு 12. சிறிதாக்கும்போது கை நடுக்கம் மறைந்துபோகும். ஆனால் கோடும் பாதியாக மெலியும். அரை மில்லிமீட்டர் பேனாவால் போட்ட கோடு அச்சில் கால் மில்லிமீட்டர் ஆகிவிடும், அங்கங்கே அறுந்தும் போகலாம். வெளிக்கோட்டை 1 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் போடுங்கள்.

இனி நிறம். சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் கட்டாயம். நம்ம மாதிரிச் சின்ன லேபிளில் வட்டத்தின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, சதுரம் அதைப்போல இரண்டு மடங்கு. ஆக, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பச்சை மை அச்சுக்கு வந்தே தீரும். எழுத்துக்குக் கறுப்பு வேண்டும். அந்தப் பச்சையையே இலைக்கும் காம்புக்கும் எடுத்துக்கொண்டால், நாம் சேர்க்க வேண்டியது இன்னும் ஒரே ஒரு நிறம்தான், மஞ்சள். மஞ்சளின் மேல் பச்சையை லேசாக ஓட்டினால் கிளிப்பச்சை கிடைக்கும். எலுமிச்சைக்கு மஞ்சள் மட்டும், மாங்காய்க்குக் கிளிப்பச்சை, பூண்டுக்குத் தாளின் வெள்ளையே போதும். மூன்று மையில் நாலு வகை ஊறுகாய்க்கும் வேலை முடிந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் ஆப்செட்டிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஓட்டம், தனிச் செலவு. டிஜிட்டலில் நிறத்தைக் குறைத்தால் செலவு குறையாது, ஆனால் படம் தெளிவாக நிற்கும். சிவப்பை நான் தொடுவதில்லை. பாட்டிலே சிவப்பு, அதன்மேல் சிவப்பு லேபிள் மறைந்துபோகும். மஞ்சள் எழுத்தும் வேண்டாம், வெள்ளைத் தாளில் அதைப் படிக்க முடியாது.

நிறத்தைக் கறுப்புக் கோட்டுப் படத்தின் மேலேயே தீட்டாதீர்கள். மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் தாளில், கறுப்பு மையாலேயே நிரப்பித் தாருங்கள். நாலு மூலையிலும் கூட்டல் குறி போட்டால் அச்சகத்தில் பொருத்திக்கொள்வார்கள். எவ்வளவு பொருத்தினாலும் ஓட்டத்தில் நிறம் அரை மில்லிமீட்டர் நகரலாம். நிறம் கோட்டுக்குள்ளே சரியாக முடிந்தால், அந்த நகர்வு வெள்ளைக் கீற்றாகப் பல்லிளிக்கும். நிறத்தைக் கோட்டுக்கு அடியில் போகவிட்டு, சில இடத்தில் வெளியேயும் வழியவிட்டால், நகர்ந்தாலும் அது கைவேலை மாதிரியே இருக்கும்.

இது புதுசு இல்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டியிருந்ததால் அங்கே அச்சுத்தொழிலும் வளர்ந்தது. பழைய தீப்பெட்டிச் சீட்டு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நிறம், கனமான கோடு, நடுவில் ஒரே ஒரு கிளியோ மயிலோ. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் "மயில் தீப்பெட்டி கொடு" என்று கேட்டு வாங்கலாம். நம்ம லேபிளுக்கும் அதே கணக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. பாட்டிலில் இல்லாததை வரையக் கூடாது. கலப்புக் காய்கறி ஊறுகாயில் கேரட், மாங்காய், எலுமிச்சை மட்டும் இருந்தால், இடம் காலியாக இருக்கிறதே என்று காலிஃபிளவர் போடாதீர்கள். வேறு எண்ணெய் ஊற்றிவிட்டு மரச்செக்கு வரையாதீர்கள். வாங்குகிறவரைத் தவறாக நினைக்க வைக்கிற படத்தைச் சட்டம் எழுத்துக்குச் சமமாகத்தான் பார்க்கிறது.

கடைசியாக, மொத்தமாக அச்சடிக்கும் முன் சோதனை. டிஜிட்டல் அச்சகத்தில் 12-க்கு 18 அங்குல ஸ்டிக்கர் தாளில் நம்ம லேபிள் எட்டு பிடிக்கும். முதலில் ஒரே ஒரு தாள் மட்டும் எடுங்கள். பாட்டிலை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து ஒட்டுங்கள். ஒரு பாட்டிலில் நல்லெண்ணெயைத் தடவி இரவெல்லாம் வையுங்கள். காகிதம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் எண்ணெய் குடித்துவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் வகை ஸ்டிக்கர் கேளுங்கள், அல்லது தேதிக் கட்டத்தை விட்டுவிட்டு மேலே பூச்சுப் போடச் சொல்லுங்கள். இன்னொன்றை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, வியர்த்த பிறகு விரலால் தேயுங்கள், மை கரைகிறதா பாருங்கள். மூன்றாவதை, பாதி லேபிளை அட்டையால் மூடி, இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு மஞ்சள்தான் சீக்கிரம் வெளுக்கும். அட்டையை எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மீதிப் பாட்டில்களைக் குழுவில் எழுத்துத் தெரியாத ஒருவரிடம் பத்தடி தள்ளி வைத்துக் காட்டுங்கள். பெயர் இருக்கும் இடத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, "இது என்ன காய்?" என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் சொன்னால் ஆயிரம் அடிக்கலாம். நின்று யோசித்தால், சுழல் நிதியைத் தொடாமல் இன்னொரு தடவை வரையுங்கள். தாளும் பேனாவும் சில ரூபாய்தான்.

மதிய இடைவேளையில் என் டிரேசிங் தாள்களையும் மூன்று பாட்டிலையும் வாசல் மேசையில் வைக்கிறேன். உங்கள் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், நூலைச் சுற்றி அளந்தே பார்த்துவிடலாம்.