தெரிந்த படத்தை வைத்து ஏஐ-யின் கண்ணைச் சோதிப்போம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக முப்பத்தைந்து வருடம் இருந்தவன். ஆனால் சரிபார்ப்பது எனக்குப் பழகிய வேலை. இன்று பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

போன மாதம் மூன்றாவது மாடி அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார். "சார், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பேரன் போனில் ஏஐ போட்டுக் கொடுத்திருக்கிறான். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துக் காட்டினால் எல்லாம் படித்துச் சொல்கிறது. நம்பலாமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். விடை தெரியாத கேள்வியைக் கேட்டால் அது சொல்வது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? முதலில் விடை தெரிந்த படத்தைக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் 1989-ல் எடுத்த ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. சுரங்கம் பார்க்கப் போன அன்று எடுத்தது. முப்பது வருடத்துக்கு மேலாகத் தினமும் பார்ப்பதால் அதில் எனக்குத் தெரியாத இடமே இல்லை.

போனைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் படத்தில் உள்ளதை எழுதினேன். ஆறு பேர்: அப்பா, அம்மா, மனைவி, நான், மகள், மகன். மகன் தாத்தாவின் பின்னால் ஒளிந்திருக்கிறான், பாதி முகமும் ஒரு காலும்தான் தெரியும். அம்மா கையில் தூக்குவாளி. என் கடிகாரம் வலது கையில். பின்னால் சுரங்கப் பள்ளமும், மண்ணை வெட்டும் பெரிய சக்கர இயந்திரமும். வலது ஓரத்தில் 'நெய்வேலி' என்ற பெயரோடு ஒரு தமிழ்ப் பலகை. இதை முதலில் எழுதி வைப்பது முக்கியம். பதிலைப் பார்த்த பிறகு எழுதினால், நாமே அதற்குத் தக்கபடி வளைந்துவிடுவோம்.

பிறகு கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை எடுத்து, ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேராகப் போட்டோ எடுத்தேன். கண்ணாடியோடு எடுத்தால் வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். அப்போது தப்பு கருவியுடையதா, போட்டோவுடையதா என்று தெரியாது.

முதல் கேள்வி, "இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?" அவ்வளவுதான். எங்கள் குடும்பம் என்றோ, நெய்வேலி என்றோ நான் சொல்லவில்லை. நாம் துப்புக் கொடுத்தால் அது நம்மிடமிருந்தே எடுத்து நம்மிடமே திருப்பித் தரும். வந்த பதில் என்னை அசத்திவிட்டது. இந்தியக் குடும்பம், திறந்தவெளிச் சுரங்கம், பின்னால் சக்கர வெட்டு இயந்திரம், இடம் நெய்வேலி என்று இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் அந்த அம்மாவிடம் "தாராளமாக நம்புங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் கேஷியர் ஒரு கட்டைப் பார்த்துவிட்டு மொத்தப் பணமும் சரி என்று கையெழுத்துப் போடுவதில்லையே. அடுத்தடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் புதிய உரையாடலைத் திறந்தேன். பழைய உரையாடலிலேயே தொடர்ந்தால் முன்பு சொன்னதையும் சேர்த்துக்கொண்டு பதில் சொல்லும்.

எத்தனை பேர் என்று கேட்டேன். ஐந்து என்றது. மகனை விட்டுவிட்டது. கடிகாரம் எந்தக் கையில் என்று கேட்டேன். இடது கை என்றது. ஊரில் பெரும்பாலோர் இடது கையில்தானே கட்டுகிறார்கள்! படத்தைப் பார்ப்பதற்குப் பதில் வழக்கத்தைச் சொல்லிவிட்டது.

அடுத்து ஒரு பொய்க் கேள்வி. "பாட்டி கையில் உள்ள குடை என்ன நிறம்?" படத்தில் குடையே கிடையாது. கறுப்பு என்று பதில் வந்தது. வேறொரு புதிய உரையாடலில், "படத்தில் குடை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றது. படம் அதேதான், நான் கேட்ட விதம்தான் வேறு. குடை உண்டு என்று நாமே சொல்லிவிட்டால் அதுவும் தலையாட்டிவிடுகிறது.

இனி முக்கியமான பகுதி. நெய்வேலி என்று எப்படிக் கண்டுபிடித்தது? அந்தப் பலகையின் மேல் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை வைத்து மறுபடி படம் எடுத்துக் காட்டினேன். இப்போது இந்தியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கம், ஜார்க்கண்டாக இருக்கலாம் என்றது. பிறகு எங்கள் ஆறு பேரையும் மறைத்து, பள்ளமும் இயந்திரமும் மட்டும் தெரியும்படி காட்டினேன். ஜெர்மனி என்றது! அதைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே ரைன் நதிப் பக்கத்துப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் இதே மாதிரி இயந்திரங்கள்தான் ஓடுகின்றன. நமக்கும் அந்தத் தொழில்நுட்பம் அங்கிருந்துதான் வந்தது.

அப்படியானால் அது நெய்வேலியை அடையாளம் காணவில்லை. பலகையைப் படித்தது, புடவையைப் பார்த்தது, மிச்சத்தை ஊகித்தது. ஆனால் படித்ததையும் பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே உறுதியான குரலில் சொல்கிறது. எது எந்த ரகம் என்பதை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

மகனை ஏன் விட்டது? இப்படிப்பட்ட கருவிகள் பொதுவாகப் பெரிய படத்தைச் சிறிதாக்கி, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் எண்களாக மாற்றிக்கொள்கின்றன. சின்ன விவரங்கள் அதில் கரைந்துவிடும். அதனால் தாத்தாவும் பேரனும் நிற்கும் மூலையை மட்டும் வெட்டிக் காட்டினேன். உடனே, பின்னால் ஒரு சிறுவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் மூன்றாவது மாடிக்குப் போனேன். அந்த அம்மாவின் நான்கு மாத்திரை அட்டைகளின் காலாவதித் தேதியை முதலில் நான் படித்து நோட்டில் எழுதினேன். பிறகு அவர் போனில் காட்டினார். மூன்று சரி. நான்காவது பளபளக்கும் தகட்டில் மையில்லாமல் அழுத்தி அச்சிட்ட தேதி. அதில் மூன்றாம் மாதத்தை எட்டாம் மாதம் என்று படித்தது. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அந்த மாத்திரை ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. அதை நம்பியிருந்தால் அந்த அம்மா அதையே விழுங்கிக்கொண்டிருப்பார்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். "அம்மா, முழு அட்டையைக் காட்டாதீர்கள், தேதி உள்ள இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுங்கள். தெரிகிற எழுத்தை மட்டும் படி, தெளிவில்லை என்றால் அப்படியே சொல் என்று கேளுங்கள். புதிய உரையாடலில் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டும் வேறுபட்டால் நம்பாதீர்கள். இரண்டும் ஒன்றாக வந்தாலும் மருந்துக் கடைக்காரரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதை மட்டும் அதனிடம் கேட்கவே கேட்காதீர்கள்."

இன்று இரவு உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தும் ஒரு படத்தை இறக்குங்கள். பத்து வரி எழுதுங்கள், பிறகு கேளுங்கள். ஒரு படத்தில் தேறிவிட்டது என்பதற்காக எல்லாவற்றிலும் தேறும் என்று எண்ண வேண்டாம். இந்தக் கருவிகள் அடிக்கடி மாறுவதால் சில மாதம் கழித்து அதே படத்தை மறுபடி காட்டிப் பாருங்கள். வங்கிக்காரன் என்ற முறையில் ஒன்று: பாஸ்புக், ஆதார், அடுத்த வீட்டுக் குழந்தை இருக்கும் படங்களைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

அந்த அம்மா இப்போது மாத்திரை அட்டையோடு வாரம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன் முதலில் படிக்கும், நான் பிறகு படிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் நோட்டில் ஒரு டிக்.