அட்மினிடம் முதலில் கேளுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைச் சொல்ல ஆசை. கேட்காமல் போட்டால் என்ன ஆகும்? அட்மின் அந்தப் பதிவை எல்லோருடைய போனிலிருந்தும் நீக்கிவிடலாம். அந்தப் பெண்ணையே குழுவிலிருந்து எடுத்தும் விடலாம்.

அதனால் அவர் முதலில் அட்மினுக்குத் தனியாக எழுதினார்.

"வணக்கம் சார். பி பிளாக்கில் குடியிருக்கிறேன். வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். குழுவில் ஒரே ஒரு முறை இதைத் தெரிவிக்கலாமா? போட நினைப்பதைக் கீழே அனுப்பியிருக்கிறேன். விதிப்படி கூடாதென்றால் பரவாயில்லை."

யார், என்ன தொழில், எத்தனை முறை, எந்தப் பதிவு. நான்கும் அதில் இருக்கின்றன. அட்மின் திருப்பிக் கேட்க எதுவுமில்லை. 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொன்னால் போதும். "ஒரு விளம்பரம் போடலாமா?" என்று மட்டும் கேட்டிருந்தால், "என்ன விளம்பரம்?" என்ற கேள்விதான் வந்திருக்கும்.

பதில் வராவிட்டால்? மௌனம் அனுமதி ஆகாது. இரண்டு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

அனுமதி கிடைத்ததும் பதிவின் முதல் வரியில் 'அட்மின் அனுமதியுடன்' என்று எழுதுங்கள். மற்றவர்கள் அட்மினிடம் புகார் சொல்ல இடமிருக்காது.