மூக்குக் கண்ணாடிச் சீட்டைப் படிப்பது எப்படி?
(ஸ்ரீ கெம்பாங்கானில் பேசப்பட்ட உரை)



பிள்ளைக்கு முதன்முதலாகக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்புகிறான். நாம் விழிக்கிறோம். இன்று ஒரு சீட்டை எடுத்து, அதைப் படித்துப் பார்ப்போம்.

R என்பது வலக்கண், L என்பது இடக்கண். வலக்கண் வரிசையில் இப்படி இருக்கிறது:

SPH −1.50, CYL −0.75, AXIS 180

முதல் எண் கண்ணாடியின் பொதுவான சக்தி. கழித்தல் குறி கிட்டப்பார்வையைக் காட்டும். ஒரு மீட்டரை 1.50ஆல் வகுத்தால் சுமார் 67 சென்டிமீட்டர். ஏறத்தாழ அந்தத் தூரம் வரைதான் இந்தக் கண்ணுக்குத் தெளிவு. வெட்டுகிற பட்டை தெரியும். எதிரே வரும் பஸ்ஸின் எண் தெரியாது.

இரண்டாவது எண் எதற்கு? கண்ணின் முன்திரை பந்துபோல் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளைந்திராமல், முட்டையைப்போல் ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருக்கலாம். அந்தத் திசைக்கு மட்டும் கூடுதல் சக்தி வேண்டும். வானநூல் அறிஞர் ஜார்ஜ் ஏரி 1825 வாக்கில் தம் கண்ணுக்கே இத்தகைய கண்ணாடியைச் செய்வித்தார்.

மூன்றாவது எண் திசை. 180 என்றால் கிடைக்கோடு, 90 என்றால் செங்குத்து. கூடுதல் சக்தி அந்தக் கோட்டில் இராது. அதற்குக் குறுக்கே நிற்கும். ஆகவே நமது சீட்டில் கிடையாக −1.50, நெடுக்காக −2.25. இதையே வேறொருவர் −2.25, +0.75, 90 என்று எழுதலாம். எண்கள் வேறு, கண்ணாடி ஒன்றே. ஆகையால் இரண்டு சீட்டுகளிலிருந்து ஆளுக்கு ஓர் எண்ணை எடுத்துக் கலக்கக் கூடாது.

படத்தில் ஏமாறும் இடங்கள் மூன்று. தாளின் மடிப்பில் கழித்தல் குறி மறையும். மடிப்பே கழித்தல் போலவும் தோன்றும். புள்ளி மங்கினால் 1.50 என்பது 150 ஆகிவிடும். 18க்குப் பக்கத்தில் பாகைக் குறியாகச் சிறு வட்டம் போட்டிருந்தால் 180 என்று படித்துவிடுவோம். திசை 30 பாகை பிசகினாலே, அந்தக் கோணலைத் திருத்த வைத்த சக்தியால் பயனில்லாமல் போகும்.

சரிபார்க்க வழியுண்டு. சக்தி எண்கள் பெரும்பாலும் கால் காலாக ஏறும்: .00, .25, .50, .75. திசை 1 முதல் 180க்குள் இருக்கும். CYL இருந்து AXIS இல்லையென்றால் சீட்டு முழுமையில்லை. ஐயமிருந்தால் ஊகிக்க வேண்டாம்; தாளைத் தட்டையாக வைத்து மறுபடம் கேளுங்கள், அல்லது எழுதியவரையே கேளுங்கள்.

புதுக்கண்ணாடி போட்ட முதல் சில நாள் தரை சாய்ந்ததுபோல் தோன்றுவது உண்டு. இரண்டு வாரமாகியும் மாறாவிட்டால், கண்ணாடியையும் சீட்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். செய்த கண்ணாடியை அளக்கக் கடையில் கருவி உண்டு. சீட்டோடு ஒத்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.