கூப்பிட்டாங்களா, நீங்க கூப்பிட்டீங்களா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இதுதான்: "ஆஃபர் லெட்டர்ல நான்-கம்பீட்னு ஒரு பாரா, நான்-சொலிசிட்னு இன்னொரு பாரா இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?" ஒண்ணு இல்ல. எவ்வளவு வித்தியாசம்னு புரிய ஒரு தஞ்சாவூர் கதை சொல்றேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஒரு தை மாசம், சம்பா அறுவடை சூடு பிடிக்கிற நேரம். முப்பது வயசுக்குள்ள இருக்கிற ஒரு தம்பி, கையில வக்கீல் நோட்டீஸோட என் ஆபீஸுக்கு வந்தார். அரிசி ஆலைகள்ல கலர் சார்ட்டர் மெஷின் சர்வீஸ் பண்றவர். கருத்த அரிசி, பழுத்த அரிசியைக் கேமராவால கண்டுபிடிச்சு, காத்தால ஊதித் தள்ளுற மெஷின் அது. மில்லுக்காரங்க அதை சார்ட்டெக்ஸ்னுதான் சொல்வாங்க. சீசன்ல அது நின்னா மில்லே நின்ன மாதிரி. அதனால மெஷின் எந்த கம்பெனியோடதுன்றதைவிட, ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணா எந்தப் பையன் வருவான்றதுதான் மில் முதலாளிக்கு முக்கியம்.

இந்தத் தம்பி பழைய சர்வீஸ் கம்பெனியை விட்டு, போட்டி கம்பெனிக்கு மாறியிருந்தார். நோட்டீஸ்ல நாலு குற்றச்சாட்டு. ஒண்ணு, போட்டி கம்பெனியில சேர்ந்தது. ரெண்டு, மன்னார்குடி பக்கத்துல ஒரு மில்லுக்குப் போய் வேலை பார்த்தது. மூணு, பழைய வாடிக்கையாளர்கள் நாப்பது பேருக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பினது. நாலு, கூட வேலை பார்த்த ஹெல்பர் பையனையும் அங்க கூட்டிட்டுப் போனது. எல்லாத்துக்கும் சேர்த்துப் பத்து லட்சம் நஷ்ட ஈடு.

"சார், கையெழுத்துப் போட்டுட்டேன். மாட்டிக்கிட்டேனா?"ன்னு கேட்டார். நாலையும் தனித்தனியா பார்க்கலாம் தம்பின்னேன்.

முதல் குற்றச்சாட்டு நான்-கம்பீட். அவர் கையெழுத்துப் போட்ட ஷரத்து என்ன சொல்லுதுன்னா, வேலையை விட்ட பிறகு மூணு வருஷம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்கள்ல அரிசி ஆலை இயந்திரம் சம்பந்தமான எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. டெல்டாவுல அவருக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் அதுதான். பிழைக்காதேன்னு சொல்ற ஷரத்து.

நம்ம நாட்டுச் சட்டம் இதுல ரொம்பக் கறார். 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவு. ஒருத்தர் சட்டப்படியான தொழில் செய்யறதைத் தடுக்கிற ஒப்பந்தம், தடுக்கிற அளவுக்குச் செல்லாது. அந்தப் பிரிவுலயே சொல்லியிருக்கிற விதிவிலக்கு ஒண்ணுதான்: கடையை நற்பெயரோட வித்தவர், வாங்கினவருக்கு எதிரா அதே தொழில் செய்ய மாட்டேன்னு நியாயமான எல்லைக்குள்ள ஒத்துக்கலாம். இங்கிலாந்துல "இந்தத் தடை நியாயமானதா"ன்னு கேட்டு எடை போடுவாங்க. நம்ம பிரிவுல வேலைக்காரருக்கு அந்த எடை போடுற வேலையே கிடையாது.

இதுல 1874-லயே கல்கத்தாவுல ஒரு வழக்கு வந்தது. பித்தளைச் சாமான் தொழில்ல இருந்த ரெண்டு தரப்பு. "நீ இந்த ஏரியாவுல கடையை மூடு, உன் வேலையாட்களுக்கு நீ கொடுத்த முன்பணம் 900 ரூபாயை நான் தர்றேன்"னு பேச்சு. அவர் மூடிட்டார், இவர் பணம் தரல. கேஸ் போட்டவர் தோத்துட்டார். ஒரு ஏரியாவுக்கு மட்டுமான தடையா இருந்தாலும் தடை தடைதான், ஒப்பந்தமே செல்லாதுன்னு தீர்ப்பு.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இன்னொண்ணு. ஜாகீர் கானோட விளம்பர ஒப்பந்தங்களைக் கவனிச்ச பர்செப்ட் டி-மார்க் கம்பெனி, ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் வேற கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்குத்தான் முதல் வாய்ப்புன்னு கேட்டது. 2006-ல உச்ச நீதிமன்றம் முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஒப்பந்தம் நடக்கிற காலத்துல தடை வேற, முடிஞ்ச பிறகு தடை வேற. வேலையில இருக்கும்போது போட்டிக்காரருக்கு வேலை பார்க்காதேன்னு சொல்லலாம். விட்ட பிறகு சொன்னா அது 27-ல மோதும்.

அதனால முதல் குற்றச்சாட்டு நிக்காதுன்னு தம்பிகிட்ட சொன்னேன். முகத்துல ஒரு தெளிவு. "அப்ப மத்ததும் நிக்காதுல்ல?"ன்னார். அங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க.

நான்-சொலிசிட் தொழில் செய்யாதேன்னு சொல்றதில்ல. தொழில் செய், ஆனா எங்க வாடிக்கையாளரை நீயாப் போய் இழுக்காதேன்னு சொல்லுது. இதைச் சில நீதிமன்றங்கள் ஏத்துக்கிட்டிருக்கு. டெசிகன்ட் ரோட்டர்ஸ் வழக்குல 2009-ல டெல்லி உயர் நீதிமன்றம், வேலையை விட்ட மேனேஜர் போட்டி கம்பெனியில வேலை செய்யறதைத் தடுக்கல. ஆனா பழைய கம்பெனியோட வாடிக்கையாளர்களையும் சப்ளையர்களையும் பிசினஸுக்காக அணுகக் கூடாதுன்னு தடுத்தது. அதே நேரம், இந்தத் தடையையும் தொழில் தடையாவே பார்த்த தீர்ப்புகளும் இருக்கு. ஷரத்து எவ்வளவு அகலமோ, விழுற ஆபத்து அவ்வளவு அதிகம்.

சரி, இழுக்கிறதுன்னா என்ன? நம்ம சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல எஃப்.எல். ஸ்மித் வழக்குல இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. இழுத்தாங்களா இல்லையான்றது சாட்சியத்தால நிரூபிக்க வேண்டிய விஷயம். எதிராளி வாடிக்கையாளரைத் தேடிப் போனாங்க, அதனாலதான் ஆர்டர் போச்சுன்னு காட்டணும். கொட்டேஷன் கொடுத்ததை மட்டும் காட்டினா போதாது.

இதை வெச்சு ரெண்டாவது குற்றச்சாட்டைப் பாருங்க. மன்னார்குடி மில்லோட போன் யார் பண்ணது? தம்பியோட கால் லிஸ்ட்டை எடுத்தோம். மில்லுலேர்ந்துதான் வந்திருக்கு. ராத்திரி மெஷின் நின்னுருக்கு, பழக்கப்பட்ட பையனை அவங்களே கூப்பிட்டிருக்காங்க. அது இழுப்பு இல்ல.

மூணாவதுல மாட்டிக்கிட்டார். மெசேஜ்ல அவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "அண்ணே, நான் இப்ப இந்தக் கம்பெனியில இருக்கேன். உங்க ஏ.எம்.சி. அடுத்த மாசம் முடியுது. இப்ப கட்டுறதைவிடக் கம்மியா நான் போட்டுத் தர்றேன்." முதல் வரியோட நிறுத்தியிருந்தா வாதாட நிறைய இடம் இருந்திருக்கும். மில் பேரும் நம்பரும் ரோட்டோர போர்டுலயே இருக்கு, அது ரகசியமில்ல. ஆனா யாருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் எப்ப முடியுது, எவ்வளவு கட்டுறாங்கன்றது பழைய கம்பெனி ஃபைல்ல மட்டும் இருக்கிற தகவல். இழுப்பும் ஆச்சு, ரகசியத்தைப் பயன்படுத்தினதும் ஆச்சு.

நாலாவது, ஹெல்பர் பையன். ஊழியர் விஷயத்துல விப்ரோவுக்கும் பெக்மன் கூல்ட்டருக்கும் நடந்த 2006 டெல்லி வழக்கைப் பார்க்கணும். ஒருத்தர் ஆளை இன்னொருத்தர் இழுக்கக் கூடாதுன்னு ரெண்டு கம்பெனிக்குள்ள ஒப்பந்தம். ஊழியர் மேல போட்ட தொழில் தடை இல்ல இதுன்னு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. அந்த வழக்குல பத்திரிகை விளம்பரமே இழுப்பா எடுத்துக்கப்பட்டது. ஆனா ஏற்கெனவே மாறிப் போன ஊழியர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லல. ஏன்னா அவங்க அந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல. நம்ம ஹெல்பரும் அப்படித்தான். தம்பி தூண்டினாரான்னு கேட்கலாம். பையன் அங்க வேலை பார்க்கவே கூடாதுன்னு கேட்க முடியாது.

கடைசில கோர்ட்டுக்குப் போகல, பேசி முடிச்சோம். மெசேஜ் போன மில்களை ஒரு வருஷம் முடியற வரைக்கும் தம்பியா தொடர்புகொள்ள மாட்டார். அவங்களா கூப்பிட்டா போகலாம். ஹெல்பர் அங்கேயே இருப்பான். பத்து லட்சம் போயே போச்சு. ஒப்பந்தத்துல தொகை எழுதியிருந்தாலும், 74-ஆவது பிரிவுப்படி அது உச்சவரம்புதான். அதுக்குள்ள நியாயமானதைத்தான் கோர்ட் கொடுக்கும்.

கதை இங்க முடியல. ரெண்டு வருஷம் கழிச்சுத் தம்பி சொந்தமா சர்வீஸ் ஆரம்பிச்சார். மூணு பசங்களை வேலைக்கு வெச்சுக்கிட்டு, என்கிட்ட ஒப்பந்தம் எழுத வந்தார். கையில என்ன பேப்பர் கொண்டு வந்தார்னு நினைக்கிறீங்க? தன்னைப் பயமுறுத்தின அதே பழைய ஒப்பந்தம். "பேரை மட்டும் மாத்திக் கொடுங்க சார்."

"தம்பி, உங்களைக் கட்டாத கயிறு அவங்களை மட்டும் கட்டுமா? உங்களுக்கு எது போயிடும்னு பயம்?"னு கேட்டேன். யோசிச்சுச் சொன்னார்: "என் பையன் பழகின மில்லை அவனே ஏ.எம்.சி. புதுப்பிக்கிற நேரத்துல தட்டிட்டுப் போயிடுவான்." அந்த ஒரு பயத்துக்கு மட்டும் ஷரத்து எழுதினோம். எழுதினதை வாசிக்கிறேன்:

"பணியிலிருந்து விலகிய நாள் முதல் 12 மாதங்களுக்கு, விலகுவதற்கு முந்தைய 12 மாதங்களில் நான் நேரில் சர்வீஸ் செய்த, இணைப்பில் பெயர் குறிப்பிட்ட ஆலைகளை, சார்ட்டர் பராமரிப்பு வேலையைப் பெறுவதற்காக நானாகத் தொடர்புகொள்ள மாட்டேன். ஆலையே என்னை அழைத்தாலோ, பொதுவான விளம்பரத்தைப் பார்த்து வந்தாலோ இது பொருந்தாது."

ஏன் 12 மாசம்? ஏ.எம்.சி. ஒரு வருஷத்துக்கு. அதுக்குள்ள ஒரு குறுவை, ஒரு சம்பா, ஒரு புதுப்பித்தல் வந்துடும். புதுப் பையன் அந்த மில்லுக்குப் பழகிக்க அவ்வளவு நேரம் போதும். மூணு வருஷம்னு எழுதினா ஏன் மூணுன்னு ஜட்ஜ் கேட்டா பதில் இருக்காது. ஏன் மில் பேர்? அஞ்சு மாவட்டம்னு எழுதினா அது பிழைப்பைத் தடுக்குது. அவன் பார்த்த பதினைஞ்சு மில்லுன்னு எழுதினா உறவை மட்டும்தான் பாதுகாக்குது. அந்த இணைப்பை வருஷா வருஷம் புதுப்பிச்சுக் கையெழுத்து வாங்கணும். இல்லன்னா பழைய லிஸ்ட்டை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

ஊழியருக்குத் தனி ஷரத்து: தன் டீம்ல இருந்தவங்களை வேலையை விடச் சொல்லித் தூண்ட மாட்டேன். பொது விளம்பரத்தைப் பார்த்து அவங்களா வந்தா பொருந்தாதுன்னும் எழுதினோம். விப்ரோ வழக்கு ஞாபகம் இருக்கில்ல, எழுதாம விட்டா விளம்பரமும் சண்டையாயிடும். ரகசியத் தகவலுக்கு மூணாவதா ஒரு ஷரத்து. மூணும் தனித்தனிப் பத்தி. ஒண்ணு விழுந்தா மத்ததையும் இழுத்துட்டு விழக் கூடாது.

எல்லாத்தையும் படிச்சுட்டுத் தம்பி கேட்டார்: "சார், மில்லுக்காரர் அவனைத்தான் கூப்பிடுவேன்னா நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. அதுக்கு ஷரத்து கிடையாது. உங்களை அப்படித்தானே கூப்பிட்டாங்க?"

சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பசங்க சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திட்டேன்னு போன் பண்ணிச் சொன்னார்.