உதடு கூடும் வாரம்

வேலையாக இருப்பவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நாக்கை மட்டும் எனக்குக் கொஞ்சம் கொடுங்கள். நாக்கின் நுனியை மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். சின்னதாக ஒரு மேடு தட்டுப்படுகிறதா? அங்கிருந்து நடுவாக்கில் பின்னால் தடவிக்கொண்டே போனால், மெல்லிய வரப்பு போல ஒரு கோடு ஓடும். இப்போது விரலை மூக்குக்குக் கீழே வையுங்கள். மேலுதட்டின் நடுவில் ஒரு பள்ளமும், அதன் இரு பக்கமும் கரைகளும் இருக்கும். கருவில் நம் முகம் தனித்தனித் துண்டுகளாக இருந்து, பிறகு கூடி ஒட்டியதன் தடயங்கள் இவை.

மருத்துவக் கல்லூரியில் நான் உடற்கூறியல் சொல்லித் தருகிறேன். முதலாண்டு மாணவர்களிடம் வாய்மொழித் தேர்வில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இடப்பக்கம் உதட்டுப் பிளவோடு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. எதோடு எது சேரவில்லை? எந்த வாரத்தில்?” முதல் பாதிக்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடும். இரண்டாம் பாதியில்தான் தடுமாறுவார்கள். அந்த இரண்டாம் பாதிதான் ஒரு தாய்க்குத் தேவையான பதில். ஏன் என்று சொல்கிறேன்.

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அது மூன்று படைகளாகப் பிரிகிறது. புறப்படையிலிருந்து தோலின் மேற்பரப்பு, மூளை, நரம்புகள் வருகின்றன. நடுப்படையிலிருந்து தசை, ரத்தம், இதயம், சிறுநீரகம், உடம்பின் பெரும்பாலான எலும்புகள். அகப்படையிலிருந்து குடலின் உட்பூச்சு, நுரையீரலின் உட்பூச்சு, கல்லீரல். இந்தப் பட்டியலைப் பள்ளிக்கூடத்திலேயே பலர் படித்திருப்பீர்கள். எலும்பு நடுப்படை என்று மனப்பாடம் செய்த மாணவர்கள் முகத்துக்கு வரும்போது மாட்டிக்கொள்வார்கள். தாடை எலும்பும், கன்ன எலும்பும், பல்லின் உள்ளே இருக்கும் டென்டினும் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருகின்றன. அவை புறப்படையில் பிறந்தவை.

முதுகுப்பக்கம் புறப்படையின் ஒரு பகுதி தடித்து, இரு ஓரமும் எழும்பி, நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து குழாயாக மூடிக்கொள்ளும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் அது. மூடும் அந்த ஓரங்களிலிருந்து சில செல்கள் கழன்று, தலையின் பக்கவாட்டில் நகர்ந்து, முகம் வரவேண்டிய இடத்தில் போய்க் குவிகின்றன. நான்காவது வாரத்தில் இது நடக்கிறது. அவற்றைத்தான் நரம்பு முகட்டுச் செல்கள் என்கிறோம். உங்கள் மேலுதட்டின் தோல் புறப்படை. உள்ளே வாயைக் குவிக்கிற தசை நடுப்படை. இரண்டையும் தாங்கும் இணைப்புத் திசு நரம்பு முகட்டிலிருந்து வந்தது. அவ்வளவு தூரம் நகர்ந்து வந்தவற்றால் ஆனது நம் முகம். எத்தனை ஆண்டு பாடம் எடுத்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

அப்படிக் குவிந்தவை, வாய் வரப்போகிற குழியைச் சுற்றி ஐந்து மேடுகளாக எழும்புகின்றன. மேலே நெற்றிப் பக்கம் ஒன்று, இரு பக்கமும் மேல்தாடை மேடு ஒவ்வொன்று, கீழே கீழ்த்தாடை மேடு இரண்டு. ஐந்தாவது வாரத்தில் நெற்றி மேட்டில் இரண்டு மூக்குக் குழிகள் விழும். ஒவ்வொரு குழியின் உள்கரையும் வெளிக்கரையும் தடிக்கும். பிறகு மேல்தாடை மேடுகள் இரண்டும் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து, மூக்குக் குழிகளின் உள்கரைகளை நெருக்கித் தள்ளும். உள்கரைகள் இரண்டும் நடுவில் ஒன்றாகும். அதிலிருந்துதான் உதட்டுப் பள்ளம், மேல்வரிசையின் நான்கு முன்பற்கள் இருக்கும் தாடைப் பகுதி, அதன் பின்னால் முக்கோணமாக ஒரு சிறு அண்ணத் துண்டு எல்லாம் வருகின்றன. அந்த நடுத்துண்டோடு இருபுறமும் மேல்தாடை மேடு ஒட்டவேண்டும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒட்டுகிறது. அப்போது கருவின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுகூட இராது.

ஒட்டுவது என்றால் தொட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்மாவு புரட்டிய இரண்டு சப்பாத்தி உருண்டைகளை அழுத்திப் பாருங்கள். தொட்டுக்கொண்டிருக்குமே தவிர ஒன்றாகாது. கருவின் மேடுகளுக்கும் மேலே ஒரு செல் உறை இருக்கிறது. இரண்டு உறைகள் சந்தித்த இடத்தில் அந்தச் செல்கள் கரைந்தோ விலகியோ போகவேண்டும். அதன் பிறகுதான் உள்ளேயிருக்கும் திசுக்கள் ஒன்றோடொன்று கலக்கும். மேடுகள் நேரத்துக்குள் வளர்ந்து சந்திக்காமல் போகலாம். சந்தித்தும் உறை கரையாமல் போகலாம். எப்படியானாலும் அங்கே பிளவு நின்றுவிடும்.

அண்ணத்தின் கதை கொஞ்சம் தள்ளி நடக்கிறது. மேல்தாடை மேடுகளின் உள்பக்கத்திலிருந்து இரண்டு தகடுகள் முதலில் நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கியபடி வளரும். நடுவில் நாக்கு அடைத்துக்கொண்டு நிற்கும். ஏழாவது, எட்டாவது வாரத்தில் கீழ்த்தாடை நீண்டு நாக்கு தாழ, தகடுகள் மேலே எழும்பிப் படுக்கைவாட்டில் வந்து ஒன்றையொன்று சந்திக்கும். முன்னாலிருந்து பின்னால் மூடிக்கொண்டே போய், உள்நாக்கு கடைசியில் சேரும். அது முடியப் பன்னிரண்டாவது வாரம் ஆகிவிடும். நீங்கள் நாக்கால் தடவிய கோடு அந்தத் தகடுகள் கூடிய இடம். முன்பற்களுக்குப் பின்னால் தட்டுப்பட்ட மேடு, நடுத்துண்டும் தகடுகளும் சந்தித்த எல்லை. அந்த எல்லைக்கு முன்னால் பிளவு என்றால் உதட்டின் கதை. பின்னால் என்றால் தகடுகளின் கதை. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சிறிய கீழ்த்தாடையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு உதடு நன்றாகவே இருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் அண்ணத்தில் அகலமான பிளவு தெரியும். தாடை வளராததால் நாக்கு தாழவில்லை. நாக்கு வழிவிடாததால் தகடுகள் சந்திக்கவில்லை. வெளியே உதடு சரியாக இருப்பதால், வாய்க்குள் டார்ச் அடித்து உள்நாக்குவரை பார்க்காமல் அண்ணப் பிளவை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. குடித்த பால் மூக்கில் வந்தால் கட்டாயம் அண்ணத்தைப் பார்க்கவேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் பிளவு உதட்டுக் குழந்தைகளைப் பார்க்கும் நாளில் நானும் போய் உட்காருவது வழக்கம். அங்கே ஒருமுறை மாமியார், மருமகள், கையில் குழந்தை. இடப்பக்க உதட்டில் தொடங்கிய பிளவு ஈறு வழியாக அண்ணம்வரை போயிருந்தது. மாமியார் சொன்னார்: “ஆறாம் மாசம் கிரகணத்தன்னிக்கு அரிவாள்மனையில காய் நறுக்குனா டாக்டரம்மா. சொல்லச் சொல்லக் கேக்கல.” மருமகள் தலை நிமிரவே இல்லை.

தேர்வுக் கேள்வியை அந்த அறையில்தான் போட்டுப் பார்த்தேன். எதோடு எது சேரவில்லை? இடப்பக்க மேல்தாடை மேடு நடுத்துண்டோடு சேரவில்லை. அதனால்தான் ஈற்றுப் பிளவு, வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவில் வரவேண்டிய இடத்தில் இருந்தது. எந்த வாரம்? கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் ஏழாவது வாரத்துக்குள். மருத்துவமனையில் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் ஒன்பதாவது வாரம். அண்ணத்துக்கும் மூன்றாம் மாதக் கடைசியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. “அம்மா, நீங்க சொல்ற கிரகணத்துக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே இது முடிஞ்சு போச்சு. மூடாதது அப்பவே மூடல. மூடியிருந்தா அரிவாள்மனையால திறக்காது” என்றேன். மாமியார் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு, “அப்போ இவ மேல குத்தமில்லையா?” என்று கேட்டார். மருமகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

காரணம் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலான குழந்தைகளில் ஒற்றைக் காரணம் அகப்படாது. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து நேரத்தைத் தவறவைக்கின்றன. கர்ப்பகாலப் புகைப்பழக்கமும், வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளவேண்டும்.

நேரம் நெருங்குகிறது. முதுகுக் குழாயைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அதன் தலைப்பக்க வாய் ஏறக்குறைய 25-ஆம் நாளும், வால்பக்க வாய் 28-ஆம் நாளும் மூடுகின்றன. மேலே மூடாவிட்டால் மண்டையும் மூளையும் முழுதாக உருவாகாது; கீழே மூடாவிட்டால் முதுகுத் தண்டு திறந்திருக்கும். 28-ஆம் நாள் என்றால், மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம். பல பெண்கள் அப்போதுதான் சோதனையே செய்கிறார்கள். முன்பு இந்தக் குறையோடு கர்ப்பம் அமைந்த பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-ல் வெளியிட்டது. மறுபடி அது வருவது 72 விழுக்காடு குறைந்தது. உதட்டுப் பிளவுக்கு இதே பலன் அந்த அளவுக்கு நிறுவப்படவில்லை. முதுகுக் குழாய்க்கு நிறுவப்பட்டிருக்கிறது.

ஆகவே, பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு முதுகுக் குழாய்க் குறையோடு கர்ப்பம் இருந்தவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு கூடும், மருத்துவரைக் கேளுங்கள். பிளவோடு பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் தாய்ப்பால் புகட்டலாம். உதட்டை மூன்று மாத வாக்கிலும், அண்ணத்தைப் பேச்சு தொடங்கும் முன் ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துவிடலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை பிறந்தால், தாயைக் குறை சொல்லாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.