நன்தி, பெத்தாங், பிறகு: மணி சொல்லாத நேரச் சொற்கள்

 மொழிபெயர்ப்பாளர்களும், ஆசிரியர்களும், நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் இரு மொழிகளுக்கு நடுவே நின்று உழைப்பவர்களும் ஜெஞ்சாரோமில் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கின் தலைமையுரை ஒரு கிளினிக் கவுண்டரில் தொடங்குகிறது.

பந்திங் பக்கத்துச் சிறு கிளினிக் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியிடம், முடிவு ‘பெத்தாங் நன்தி’ வந்துவிடும், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தாதி மலாயில் சொல்கிறார். கூட வந்த பேத்தி, “சாயங்காலம் வந்து வாங்கிக்கலாமாம் பாட்டி” என்று தமிழில் சொல்கிறாள். பாட்டி வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சாப்பிட்டு, சற்றுத் தூங்கி எழுந்து, ஐந்தேகாலுக்குத் திரும்பி வருகிறார். கவுண்டர் ஐந்து மணிக்கே மூடியாயிற்று. இரண்டரைக்கே வந்து வாங்கியிருக்கலாம்.

பேத்தியைக் குறை சொல்ல முடியாது. பெத்தாங் என்றால் மாலை என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் மலாய்க்காரரின் பெத்தாங் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு முதல் இரண்டு வரை ‘தெங்ஙா ஹாரி’, இரண்டு முதல் ஏழு வரை பெத்தாங், அதன்பின் ‘மாலாம்’. கைப்பேசிகளும் கணினிகளும் நேரத்தைச் சொல்லில் காட்டுவதற்குப் பயன்படுத்தும் யூனிக்கோடு அமைப்பின் வட்டாரத் தரவிலும் மலாய்க்கு இந்த எல்லைகளே குறிக்கப்பட்டுள்ளன. அதே தரவு தமிழுக்கு நாளை வேறு மாதிரி வெட்டுகிறது: பன்னிரண்டு முதல் இரண்டு வரை மதியம், இரண்டு முதல் நான்கு வரை பிற்பகல், நான்கிலிருந்து மாலை. மலாயில் ஒரே சொல்லுக்குள் அடங்கும் ஐந்து மணி நேரத்தைத் தமிழ் குறைந்தது இரண்டாகப் பிரித்துவிடுகிறது. எந்தப் பாதி என்று தாதி சொல்லவில்லை. பேத்தி தனக்குத் தெரியாமலே பின்பாதியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

அந்தக் கவுண்டரில் சரியான தமிழ் எது? “ரெண்டு மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் வாங்க” என்பது கேட்பவருக்குப் புரியும். ஆனால் தாதி மணி எதையும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவர் தானே ஒரு மணியைச் சேர்ப்பது அவர் வாயில் வாக்குறுதியைத் திணிப்பதாகும். “மத்தியானத்துக்கு மேல” என்பது இன்னும் நெருக்கம். அதன் தொடக்கம் சரியாக விழுகிறது. முடிவும் மூலத்தில் உள்ளதுபோலவே திறந்து நிற்கிறது. மூடும் நேரம் தெரியாவிட்டால் அதைத் தாதியிடமே திருப்பிக் கேட்டுவிடலாம். கேட்பதற்கு ஆள் எதிரில் நிற்கும்போது ஊகிப்பது வேண்டாத துணிச்சல்.

இதில் சூரியனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் உச்சி வெயில் பிற்பகல் ஒன்றேகால் வாக்கில்தான் வருகிறது; சென்னையில் அது பன்னிரண்டு மணியைச் சற்றே தாண்டியதும் வந்துவிடும். இங்கே ஏழு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் நிற்கிறது. தமிழ்நாட்டில் அச்சான அகராதியை நம்பி ஏழு மணியை இரவு என்று எழுதினால், ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்து ஆள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்புவார். யூனிக்கோடு தரவு ஆறு முதல் ஒன்பது வரை ‘அந்தி மாலை’ என்று ஒரு பகுதியை வைத்திருப்பது மலேசியாவுக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் யாரும் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை.

இனி, அந்தச் சொற்றொடரின் மற்றப் பாதியான ‘நன்தி’. இந்தக் கருத்தரங்கு அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான் என்பது இவ்வுரையின் உறுதியான எண்ணம்.

நன்தி என்றால் ‘பிறகு’, ‘தாடி’ என்றால் ‘சற்று முன்’ என்று கற்பிக்கப்படுகிறது. மலாய் வினைச்சொல்லுக்குக் கால இடைநிலை கிடையாது. போனேன், போகிறேன், போவேன் மூன்றுக்கும் ஒரே ‘பெர்கி’தான். ஆகவே நடந்து முடிந்ததா, இனித்தான் நடக்குமா என்று காட்டும் வேலையில் பெரும்பகுதியைப் பக்கத்தில் நிற்கும் சொற்கள் சுமக்கின்றன. ‘பாகி தாடி’ என்றால் போய்விட்ட காலை. ‘பெத்தாங் நன்தி’ என்றால் இன்னும் வராத பிற்பகல். தமிழிலோ அந்த வேலையை வினையின் உடலே செய்துவிடுகிறது. “காலையில கிளினிக்குக்குப் போனேன்” என்றால் ‘தாடி’ முழுவதும் ‘போனேன்’ என்பதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் ‘சற்று முன்’ என்றும் எழுதினால் மூலத்தில் இல்லாத ஓர் அளவு நுழைகிறது. காலை எட்டு மணிக்கு நடந்ததை மாலை ஐந்து மணிக்கும் மலாய்க்காரர் ‘தாடி’ என்பார். மலேசிய ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்பதும் இப்படித்தான்: இன்று, சில மணி நேரம் முன்பு. அதை ‘இப்பத்தான்’ என்று மாற்றினால், எட்டு மணிச் செய்தி ஐந்து மணிச் செய்தியாகிவிடும்.

நன்திக்கும் அதே விதி. “நன்தி சாயா தெலிஃபோன்” என்று ஒருவர் சொன்னால், “நான் பிறகு தொலைபேசுவேன்” என்று எழுதுவது பள்ளித் தமிழ். அதில் தப்பில்லை, ஆனால் அந்த வாக்கியம் எதிராளியைக் கைகழுவுவதுபோல் ஒலிக்கிறது. பேச்சுத் தமிழில் கிட்டத்தில் செய்யப்போவதற்கு நிகழ்கால வடிவமே வருகிறது: “கூப்புடுறேன்.” உறுதி கூட வேண்டுமென்றால் விடு என்ற துணைவினை சேரும்: “கூப்பிட்டுடுறேன்.” தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால்தான் எதிர்கால வடிவம்: “கூப்பிடுவேன்.” பக்கத்தில் ‘அப்புறம்’ சேர்ந்துவிட்டால் அந்த அழைப்பு வராமலும் போகலாம் என்று கேட்பவருக்கே தெரியும். இந்த மூன்றில் எது வேண்டும் என்பதை மலாய் வாக்கியத்தின் சொற்களில் தேடினால் கிடைக்காது. சொன்னவர் யார், சொன்ன தொனி என்ன, காத்திருப்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது. உத்தரவு போடும் மேலாளர் சொல்லும் நன்தியும், மன்னிப்புக் கேட்கும் கடன்காரர் சொல்லும் நன்தியும் அகராதியில் ஒன்று. தமிழில் அவை இரண்டு வினைமுற்றுகள்.

நன்திக்கு இன்னொரு முகமும் உண்டு. “ஜாங்ஙான் லாரி, நன்தி ஜாத்தோ” என்று ஒரு தாய் குழந்தையிடம் கத்துகிறாள். “ஓடாதே, பிறகு விழுவாய்” என்று பெயர்த்தால், விழுவதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். இங்கே நன்தி காலத்தைச் சொல்லவில்லை, விளைவைச் சொல்கிறது. “ஓடாத, விழுந்துடுவ” என்பதோடு வேலை முடிந்தது. பாதுகாப்பு அறிவிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: நன்தியை எடுத்துவிட்டு ‘இல்லாவிட்டால்’ என்று போட்டுப் பார்க்க வேண்டும். வாக்கியம் நிற்குமானால் அது எச்சரிக்கை.

‘செகெஜாப்’ சற்று வேறு வகை. கெஜாப் என்பது இமைப்பது. செகெஜாப் என்றால் ஓர் இமைப்பு. மாத்திரையின் அளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் காட்டிய தொல்காப்பியத்தின் வாசகருக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. கை நொடிக்கும் ஓசையாக இருந்த நொடிதான் இன்று கடிகாரத்து நொடி. பேச்சில் தமிழர் இந்த இடத்தில் நிமிஷத்தை வைத்துக்கொண்டார்கள்: “ஒரு நிமிஷம் இருங்க”, “ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்.” எண் இருக்கிறது, ஆனால் அது அளவில்லை. செகெஜாப்புக்கு இதைவிட இயல்பான தமிழ் கிடையாது.

எதிர்த் திசையில்தான் ஆபத்து. சாட்சி ஒருவர் தமிழில், “சத்தம் கேட்டு ஒரு நிமிஷத்துல அவரு ஓடி வந்துட்டாரு” என்கிறார் என்று கொள்ளலாம். அது மலாயில் ‘சத்து மினிட்’ என்று பதிவானால் அறுபது நொடி என்ற சாட்சியமாக உருமாறும். இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளந்து, அறுபது நொடியில் வர முடியாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிறுவினால், உண்மை சொன்னவர் பொய்யராகி நிற்பார். செகெஜாப் என்று பெயர்த்தாலும் சிக்கல் தீராது. அவர் ஒருவேளை கணக்காகவே சொல்லியிருக்கலாம். எண்ணை அப்படியே பெயர்த்து, இது பேச்சு வழக்கில் ‘கொஞ்ச நேரம்’ என்ற பொருளிலும் வரும், சாட்சியிடம் கேட்டுத் தெளியலாம் என்று நீதிமன்றத்திடம் சொல்வதே நேரிய வழி. முடிவு உரைபெயர்ப்பாளருடையது இல்லை. ஐயம் இருக்கிறது என்று சொல்லும் கடமை அவருடையது.

கடைசியாக அரசாங்க அறிவிப்புகள். ‘டாலாம் மாசா தெர்டெக்காட்’ என்ற தொடர் அவற்றில் ஓயாமல் வரும். நேர்ச்சொல்லாக எடுத்தால் ‘மிக அருகிலுள்ள காலத்தில்’. அருகுக்கு நல்ல தமிழ் அண்மை. ஆனால் ‘அண்மையில்’ என்று எழுதினால் வாசகர் அது நடந்து முடிந்ததாகப் படிப்பார். “உதவித்தொகை அண்மையில் வழங்கப்படும்” என்ற வாக்கியத்தில் சொல் பின்னால் இழுக்க, வினை முன்னால் இழுக்கிறது. எனவே எல்லோரும் ‘விரைவில்’ என்று எழுதிவிடுகிறார்கள். விரைவு என்பது வேகம். மலாய்த் தொடர் தூரத்தைப் பற்றியே பேசுகிறது, யாரும் வேகமாக உழைப்பதாகச் சொல்லவில்லை. ‘கூடிய விரைவில்’ என்று இன்னும் ஒரு படி ஏற்றினால், ‘செசெபாட் முங்கின்’ என்று மலாயில் தனியே உள்ள உறுதிமொழியை அமைச்சு கொடுக்காமலே கொடுத்ததாகிவிடும். மூன்று மாதம் கழித்தும் பணம் வராதபோது, அறிவிப்பைத் தமிழில் படித்தவருக்கு மலாயில் படித்தவரைவிட ஏமாற்றம் அதிகம். அந்த மிகுதி மொழிபெயர்ப்பில் உண்டானது. ‘வரும் நாள்களில்’ என்பது தொனியில் நெருங்கி வருகிறது. மாதக்கணக்கில் ஆகும் திட்டங்களுக்கு அது சுருக்கம். ‘இன்னும் சில காலத்தில்’ என்றால் தூரம் கூடிவிடுகிறது.

இதற்கு இவ்வுரையிடம் முடிந்த விடை இல்லை. முதல் அமர்வில் மேசைக்கு வரும் பட்டியலில் இந்தத் தொடர் முதலாவதாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தாம் எழுதிய தமிழ் வடிவத்தோடு, அந்த அறிவிப்பு சொன்ன காரியம் எத்தனை நாளில் நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.